‘கொஞ்சம் கஷ்டம்’ என்று ஜப்பானியர் சொன்னால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் கம்பெனியிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? அல்லது சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு, இந்தப் பக்கம் வரும் வாங்குநர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவரா? உங்கள் இருவருக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

இந்த வட்டாரத்து ஆர்டர்களில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. ஜப்பானின் பங்கு சிறியது. அதனாலேயே ஜப்பானியர்களின் பேச்சுமுறை பலருக்கும் பழகவில்லை. ஜெர்மானிய வாங்குநர் ‘முடியாது’ என்றால் நேராகவே சொல்லிவிடுவார். ஜப்பானிய வாங்குநர் அப்படிச் சொல்வது அரிது. “ச்சொத்தோ முஸுகாஷீ தெஸ்” என்பார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘கொஞ்சம் கடினமாக இருக்கிறது’.

அவர் சொல்ல வந்தது என்ன? ஒரு கோரிக்கைக்குப் பதிலாக இதைச் சொன்னால், பெரும்பாலும் ‘முடியாது’ என்றே பொருள்.

சொன்னது ‘கடினம்’ என்றால் கடினம்தானே? அதை ஏன் ‘முடியாது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும்?

நியாயமான சந்தேகம். ஜப்பானிய மொழியின் முதல் நிலைப் பாடத்திலேயே ‘முஸுகாஷீ’ வந்துவிடும். ‘எழுத்துகள் கடினம்’, ‘தேர்வு கடினம்’ என்பதுபோன்ற வாக்கியங்களில்தான் அதைப் படித்திருப்பீர்கள். அங்கே அதற்கு ‘கடினம்’ என்பதே பொருள். எதிரில் இருப்பவர் ஒன்றைக் கேட்டு, அதற்குப் பதிலாக இந்தச் சொல் வரும்போது அதன் வேலை மாறிவிடுகிறது. கேட்டவரின் முகம் வாடாமல் கதவைச் சாத்துவதுதான் அப்போது அதன் வேலை. சில நேரம் வாக்கியத்தை முடிக்கக்கூட மாட்டார்கள். “ஸொரெ வா ச்சொத்தோ…” (அது கொஞ்சம்…) என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். ஜப்பானியர் ஒருவருக்கு அந்த இழுவையே போதும்.

இதில் நமக்குப் புரியாதது எதுவும் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து, ‘ஜாதகம் ஒத்து வரலைங்க’ என்று சொல்லியனுப்பினால் நாம் என்ன செய்வோம்? வேறு ஜோசியரிடம் காட்டிப் பாருங்கள் என்று மல்லுக்கு நிற்பதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு அடுத்த இடம் பார்க்கிறோம். ‘ச்சொத்தோ முஸுகாஷீ’யும் அதே வகையான மறுப்புதான்.

அப்படியென்றால் தமிழில் ‘கொஞ்சம் கஷ்டம்ங்கிறார்’ என்று சொன்னால் நமக்கே புரிந்துவிடுமே?

புரியாது. சிக்கலே இங்கேதான். தமிழில், அதிலும் வியாபாரப் பேச்சில், ‘கொஞ்சம் கஷ்டம்’ என்பது பேரத்தின் முதல் படி. ‘இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க, பார்க்கலாம்’ என்பது அதன் உள்ளர்த்தம். அதைக் கேட்டவுடன் நம் ஆள் விலையைக் குறைப்பார், நாளைக் கூட்டுவார், பழக்கத்தை நினைவூட்டுவார். இந்த ஊர்களில் உருதுவிலும் பேச்சு நடக்கும். அங்கே ‘தோடா முஷ்கில் ஹை’ என்று சொன்னாலும் இதே கதைதான்.

ஆக, ஜப்பானியர் சாத்திய கதவை நம் மொழிபெயர்ப்பு பாதி திறந்து வைத்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் சரியாகப் பெயர்க்கப்பட்டிருக்கும். மறுப்பு மட்டும் வழியில் விழுந்திருக்கும்.

நடுவில் ஆங்கிலம் இருந்தால் விபத்து இன்னும் எளிது. ஜப்பானியர் தம் மொழியில் நினைத்து, ஆங்கிலத்தில் ‘கொஞ்சம் கடினம்’ என்கிறார். மெர்ச்சண்டைசர் (வாங்குநரின் ஆர்டரைக் கையாளும் அலுவலர்) அதை ஆங்கில அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு முதலாளியிடம் தமிழில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளரே இல்லாத இடத்தில்கூட இது நடக்கிறது.

இதனால் உண்மையில் என்ன நஷ்டம் வரும்?

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். கம்பெனியும் ஆட்களும் கற்பனை. தேதிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் உண்மை.

ஆம்பூரில் ஒரு கம்பெனி, தோக்கியோ வாங்குநருக்கு 1,800 ஜோடி கறுப்பு ஆண்கள் ஷூ செய்கிறது. ஜனவரி 20 கப்பலில் சென்னையிலிருந்து ஏற்ற வேண்டும். ஃபினிஷ்டு தோல் (பதனிட்டு, நிறமேற்றி, வெட்டுவதற்குத் தயாரான தோல்) டேனரியிலிருந்து இரண்டு வாரம் தாமதமாகிறது. வாங்குநர் நேரில் வந்திருக்கும் நாளில் முதலாளி கேட்கிறார்: “பிப்ரவரி 3-ம் தேதி கப்பல்ல அனுப்பிக்கலாமான்னு கேளும்மா.”

வாங்குநர் தலையைச் சற்றுச் சாய்க்கிறார். பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுக்கிறார். “ஸொரெ வா… ச்சொத்தோ முஸுகாஷீ தெஸ் நெ.”

மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்: “கொஞ்சம் கஷ்டம்ங்கிறார் சார்.”

முதலாளி உடனே சொல்கிறார்: “ரெண்டு பர்சன்ட் குறைச்சுக்கலாம்னு சொல்லும்மா.” வாங்குநர், “கென்தோ ஷிமாஸ்” என்கிறார். பரிசீலிக்கிறோம் என்பது சொல்லின் பொருள். “யோசிச்சுப் பார்க்கிறேன்கிறார் சார்” என்று அது தமிழில் வருகிறது. முதலாளிக்கு நிம்மதி. கஷ்டம் என்றவர் இப்போது யோசிக்கிறேன் என்கிறார், பேரம் படிகிறது என்று நினைக்கிறார். டேனரிக்குப் போன் போட்டு, “அவசரமில்லை, நல்லா முடிச்சுக் கொடுங்க” என்கிறார். லைனில் வேறு ஆர்டர் ஏற்றப்படுகிறது.

வாங்குநர் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து மின்னஞ்சல் அனுப்புகிறார். ‘ஜனவரி 20 கப்பலின் விவரங்களை அனுப்பவும்.’ அவரைப் பொறுத்தவரை தேதி மாறவே இல்லை. இரண்டு முறை மறுத்தாயிற்று.

அவர் ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தார்? ஜப்பானில் ஏப்ரல் 1-ல் வேலை ஆண்டு தொடங்குகிறது. கல்லூரி முடித்த இளைஞர்கள் பெருங்கூட்டமாக அன்றுதான் வேலையில் சேர்கிறார்கள். அதற்கான கறுப்பு ஷூவை மார்ச்சில் வாங்குகிறார்கள். கப்பல் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம், அதன்பின் சுங்கம், அவர்களுடைய சொந்தச் சோதனை, கடைகளுக்குப் பிரித்தனுப்புதல் என்று கணக்குப் போட்டால், ஜனவரி 20-ல் ஏற்றினால்தான் மார்ச் தொடக்கத்தில் சரக்கு அலமாரியில் இருக்கும். இரண்டு வாரம் தள்ளினால் விற்பனைக்காலத்தின் பாதி போய்விடும். இரண்டு சதவீதத் தள்ளுபடி அதை ஈடுகட்டாது.

இப்போது மிஞ்சியிருக்கும் வழி விமானம். அட்டைப்பெட்டியோடு ஒரு ஜோடி ஒன்றேகால் கிலோ என்று வைத்தாலும் 1,800 ஜோடிக்கு 2 டன்னுக்கு மேல் வருகிறது. ஷூ பெட்டி எடையைவிட இடத்தைத்தான் அதிகம் அடைக்கும். விமானச் சரக்குக் கட்டணத்தில் எடை, கன அளவு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம். தாமதம் யாருடையதோ அவர் தலையில்தான் அந்தச் செலவு விழும். ஆர்டரின் லாபம் அதோடு போயிற்று.

அப்படியானால் பேசாமல் ‘முடியாதுன்னு சொல்றார்’ என்று சொல்லிவிட வேண்டியதுதானே?

அதுவும் முழுச் சரியில்லை. அவர் மெதுவாக, மரியாதையோடு சொன்னதை நீங்கள் முகத்தில் அடித்தாற்போல் ஆக்கிவிடுவீர்கள். “இத்தனை வருஷப் பழக்கம், ஒரு ரெண்டு வாரம் பொறுக்க மாட்டாரா?” என்று முதலாளிக்கு மனசு கசந்துபோகும். எதிரில் இருப்பவர் அவருடைய முகம் மாறுவதைப் பார்த்து, தாம் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று குழம்புவார்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு நல்ல வசதி வைத்திருக்கிறது. தமிழில் மறுப்பு ஒரே வகை அல்ல. ‘மாட்டேன்’ என்றால் எனக்கு மனமில்லை என்று பொருள். ‘முடியாது’ என்றால் என்னால் ஆகாது என்பதாகவும் இருக்கலாம், பிடிவாதமாகவும் இருக்கலாம். ‘சரிப்பட்டு வராது’, ‘ஒத்து வராது’, ‘தோதுப்படாது’, ‘அதுக்கு வழியில்லை’ ஆகியவை வேறு வகை. இவற்றில் மறுப்பவர் என்று யாரும் இல்லை. நிலைமைதான் மறுக்கிறது.

‘முஸுகாஷீ’ செய்வதும் இதைத்தான். ‘நான் மறுக்கிறேன்’ என்று சொல்லாமல், விஷயமே இடம் கொடுக்கவில்லை என்று சொல்கிறது. ஆகவே, கோரிக்கைக்குப் பதிலாக வரும் ‘ச்சொத்தோ முஸுகாஷீ’க்கு என் பரிந்துரை, “அது சரிப்பட்டு வராதுங்கிறார்” என்பதுதான். மறுப்பும் முழுதாக இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. ‘ங்க’ சேர்த்தோ, ‘மன்னிக்கணும்’ என்று முன்னால் சொல்லியோ குரலை மென்மையாக்கிக்கொள்ளலாம். மென்மையைக் குரலிலும் ஒட்டுகளிலும் வையுங்கள். வினைச்சொல்லில் மட்டும் மறுப்பு உறுதியாக இருக்கட்டும்.

எழுத்தில், அதாவது கடிதத்திலோ உள் அலுவலகக் குறிப்பிலோ, ‘இம்முறை இயலாது எனத் தெரிவித்துள்ளனர்’ என்று எழுதலாம். ‘சிரமம் எனத் தெரிவித்துள்ளனர்’ என்று எழுதாதீர்கள். அந்தத் தாளை மூன்று வாரம் கழித்துப் படிப்பவருக்குக் குரலோ முகமோ தெரியாது. அவர் அதைத் திறந்த கதவாகவே படிப்பார்.

சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது மொழிபெயர்ப்பாளருக்கு அழகா?

மனசாட்சியுள்ள மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ‘கடினம்’ என்பதைக் ‘கடினம்’ என்றே சொன்னால் தப்பில்லை என்று தோன்றும். ஆனால் அவர் நினைத்ததும் நம் ஆள் கேட்டதும் வேறுவேறாக இருந்தால், அந்த மொழிபெயர்ப்பு தன் வேலையைச் செய்யவில்லை.

உங்களுக்கே ஐயம் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்: “அவர் சொன்னது ‘கொஞ்சம் கடினம்’னு சார். அவங்க வழக்கத்துல இது மறுப்பு. இது என் குறிப்பு.” கடைசி இரண்டு சொற்கள் முக்கியம். எது அவர் பேச்சு, எது உங்கள் விளக்கம் என்று கேட்பவருக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். அதே நேரத்தில் ஜப்பானியர் பக்கமும், நீங்கள் ஒரு விளக்கம் சேர்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் அவருக்கு ஐயம் வராது. ஒரு வரியைத் தமிழில் நான்கு வரியாகப் பேசினால் யாருக்குமே சந்தேகம் வரும்.

எல்லா ‘முஸுகாஷீ’யும் மறுப்புதானா?

இல்லை. இங்கே அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் சறுக்கிவிடுவீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அது எதற்குப் பதிலாக வந்தது என்பது. ஜப்பானிய டெக்னீஷியன் லைனில் நின்று தையலைப் பார்த்து, “இந்த வளைவு ச்சொத்தோ முஸுகாஷீ” என்றால், அவர் உங்களுக்கு எதையும் மறுக்கவில்லை. அந்த வளைவில் தைப்பது கடினம் என்கிறார், அவ்வளவுதான். அங்கே ‘இந்த இடம் கொஞ்சம் கஷ்டமான இடம்’ என்பதே சரி. நீங்கள் ஒன்றைக் கேட்டு, ஒத்துக்கொள்ளச் சொல்லி, அதற்கு வந்தால்தான் மறுப்பு.

அடுத்து, அந்தச் சொல்லுக்குப் பின் என்ன வருகிறது என்று கவனியுங்கள். சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால், அல்லது பேச்சை வேறு பக்கம் திருப்பினால், கதவு சாத்தியாயிற்று. சொல்லிவிட்டு அவரே ஒரு கேள்வி கேட்டால், எண்ணோ தேதியோ கேட்டால், நோட்டுப்புத்தகத்தைத் திறந்தால், எங்கோ ஒரு வழி இருக்கிறது. ‘நரா’ என்ற ஒலியைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். அது நம் ‘ஆனால்’, ‘என்றால்’ போல நிபந்தனை காட்டும் சொல். ‘பாதிச் சரக்கு நரா…’ என்று அவர் தொடங்கினால், ‘பாதிச் சரக்குன்னா…’ என்று பொருள். அவர் வழி சொல்லப்போகிறார்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘கொன்காய் வா’ (இந்தத் தடவை) வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால், இந்த ஆர்டருக்கு இல்லை, ஆனால் உறவு தொடர்கிறது என்று பொருள். “இந்தத் தடவை சரிப்பட்டு வராதுங்கிறார்” என்று அந்த ‘இந்தத் தடவை’யையும் விடாமல் சொல்லுங்கள். முதலாளியின் மனம் புண்படாமல் காப்பது அந்த இரண்டு சொற்கள்தான்.

விலைப் பேச்சில் வேறொரு சொல் வரும்: ‘கிபிஷீ’. இறுக்கமாக இருக்கிறது, கடுமையாக இருக்கிறது என்ற பொருள். ‘இந்த விலை கிபிஷீ’ என்றால் அதில் பெரும்பாலும் பேரத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. நம் தோல் வியாபாரத்தில் நாள்தோறும் புழங்கும் ‘கட்டுப்படி ஆகாதுங்க’ அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். அதிலும் அதே அளவு இறுக்கம், அதே அளவு இடைவெளி. ஆனால் அதே விலைக்கு ‘முஸுகாஷீ’ என்று சொல்லிவிட்டால், அது ‘கட்டுப்படி ஆகாது’ அல்ல. ‘அந்த விலைக்கு வழியில்லை’ என்றாகிவிடும்.

‘பரிசீலிக்கிறோம்’ என்பதும் மறுப்புதானா?

‘கென்தோ ஷிமாஸ்’ தனியாக, நாள் எதுவும் குறிக்காமல் வந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். நாமும் ‘பார்க்கலாம்’ என்று அனுப்பிவைப்பதில்லையா, அந்த வகை. அதைத் தமிழில் “பார்க்கலாம்ங்கிறார், உறுதி எதுவும் கொடுக்கல” என்று சொன்னால் கேட்பவர் சரியான இடத்தில் நிற்பார்.

ஆனால் ‘மொச்சிகாயெரிமாஸ்’ என்று ஒன்று உண்டு. இதை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று கேட்கிறேன் என்று பொருள். இது மழுப்பலாக இல்லாமல் உண்மையாகவே இருக்கக்கூடும். ஜப்பானிய நிறுவனங்களில் வந்திருப்பவர் தாமாக முடிவெடுப்பது குறைவு. முன்மொழிவுத் தாள் ஒன்று பல மேசைகளைச் சுற்றி, ஒவ்வொருவரும் முத்திரை வைத்த பிறகுதான் முடிவு வரும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, எந்த நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம் என்று கேட்பது. நாள் சொன்னால் கேள்வி உயிரோடு இருக்கிறது. நாள் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

இந்த ‘பார்க்கலாம்’ வகைப் பேச்சு இரு நாடுகளையே உரச வைத்திருக்கிறது. 1969 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஸாதோ எய்ஸாகு வாஷிங்டன் போனார். அமெரிக்காவுக்கு வரும் ஜப்பானியத் துணிகளைக் குறைக்க வேண்டும் என்று அதிபர் நிக்ஸன் கேட்டார். ஸாதோ ‘ஸென்ஷோ ஷிமாஸ்’ (தக்கபடி கவனிக்கிறோம்) என்ற வகையில் பதில் சொன்னதாகவும், அது ஆங்கிலத்தில் ‘என்னால் ஆனதைச் செய்கிறேன்’ என்ற அளவுக்கு வலுவாகப் போய்ச் சேர்ந்ததாகவும் பரவலாகச் சொல்கிறார்கள். அவர் வாயில் வந்த சரியான சொல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிக்ஸன் தமக்கு வாக்குக் கொடுக்கப்பட்டதாக நம்பினார், எதிர்பார்த்தது நடக்கவில்லை, துணி விவகாரம் 1971 வரை இரு நாடுகளையும் கசக்க வைத்தது என்பதில் ஐயமில்லை.

அவர் காரணம் சொல்லாமல் மறுத்தால் எப்படி ஏற்பது?

காரணம் இருக்கும். சொல்லாமல் விடுவது அவர்கள் வழக்கம். அவர் கையிலேயே இல்லாத காரணங்களும் உண்டு என்று தெரிந்துகொண்டால், ‘இவர் நம்மை ஒதுக்குகிறார்’ என்ற எண்ணம் வராது.

தோல் ஷூவுக்கு ஜப்பான் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் குறைந்த வரி வைத்திருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே வரும் ஜோடிக்குப் பொதுவான வரி 30 சதவீதம் அல்லது 4,300 யென், இரண்டில் எது அதிகமோ அது. ஒதுக்கீடு கையில் இல்லாத இறக்குமதியாளரிடம், “இன்னும் ஐந்நூறு ஜோடி கூட எடுத்துக்கலாமே” என்று நீங்கள் கேட்டால், அவர் ‘முஸுகாஷீ’ என்பார். நீங்கள் எவ்வளவு விலையைக் குறைத்தாலும் அந்த வரியைத் தாண்ட முடியாது.

சாயமும் அப்படித்தான். 2016 ஏப்ரல் முதல் ஜப்பானில், பிரிந்து 24 வகை நறுமண அமீன்களை (புற்றுநோய் ஆபத்துள்ள வேதிப்பொருள்கள்) வெளிவிடும் அசோ சாயங்களுக்குச் சில தோல் பொருள்களிலும் சில துணிப்பொருள்களிலும் சட்டப்படி வரம்பு உண்டு. கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் உச்சம். சோதனை அறிக்கை இல்லாத வேறொரு டேனரியின் தோலை மாற்றிப் போடலாமா என்று கேட்டால், அதற்கு வரும் ‘கொஞ்சம் கடின’த்துக்குப் பின்னால் இப்படியொரு சாயக் கவலை நின்றுகொண்டிருக்கலாம். அங்கே தள்ளுபடி பேசுவது வீண். ‘சோதனை அறிக்கை தந்தால் பார்ப்பீர்களா?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, அந்த 1,800 ஜோடியை எப்படிக் காப்பாற்றியிருக்கலாம்?

மீண்டும் அந்த மேசைக்கே போவோம். வாங்குநர் தலையைச் சாய்த்து, “ச்சொத்தோ முஸுகாஷீ தெஸ் நெ” என்கிறார். இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்: “அது சரிப்பட்டு வராதுங்கிறார் சார். தேதி மாறாதுன்னு எடுத்துக்கணும்.”

முதலாளிக்கு வருத்தம்தான். ஆனால் இப்போது அவர் விலையைக் குறைத்து நேரத்தை வீணாக்கவில்லை. கையில் இருக்கிற தோலைக் கணக்குப் போடுகிறார். “ஆயிரத்து இருநூறு ஜோடிக்குத் தோல் இருக்கு. அதை 20-ம் தேதி ஏத்திடறோம். மீதி அறுநூறு பின்னால வரலாமான்னு கேளும்மா.”

வாங்குநர் உடனே பதில் சொல்லவில்லை. நோட்டுப்புத்தகத்தைத் திறக்கிறார். “25.5-உம் 26-உம் முதலில் நரா…” என்கிறார். ஜப்பானில் ஷூ அளவு சென்டிமீட்டரில். ஆண்கள் ஷூவில் நன்றாக ஓடுவது இந்த நடு அளவுகள். அவை முதல் கப்பலில் வந்தால், ஓரத்து அளவுகள் பின்னால் வரலாம் என்கிறார். முன்பு அவர் மறுத்தது முழுச் சரக்கின் தேதியைத்தான். தமக்கு எது உண்மையில் தேவை என்பதை அவரே இப்போது சொல்லிவிட்டார். மறுப்பு தெளிவாக வந்து சேர்ந்ததால்தான் இந்த அடுத்த கேள்வி பிறந்தது.

கூட்டம் முடியும்போது உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டா?

உண்டு. ‘ஆமாவா, இல்லையா?’ என்று நேராக நெருக்காதீர்கள். அவர் மேலும் மழுப்புவார். மறுப்பை நீங்களே எடுத்துச் சொல்லி, அவர் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லும்படி கேளுங்கள். அலுவலக ஜப்பானியத்தில் அதற்கு ‘மியோகுரி’ என்ற சொல் தோதாக இருக்கும். இம்முறை விட்டுவிடுவது என்று பொருள். “கொன்காய் வா மியோகுரி தோ இயு கோதோ தெ, யொரொஷீ தெஷோ கா?” இந்தத் தடவை இதை விட்டுவிடுவதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் மறுப்பு என்றால் அவர் முகம் தளர்ந்து ‘ஹாய்’ என்று தலைசாய்ப்பார். மறுப்பு இல்லையென்றால் பதறி, ‘இல்லை இல்லை’ என்று திருத்துவார். இரண்டில் எதுவானாலும் உங்களுக்குத் தெளிவு.

ஓர் எச்சரிக்கை. பேச்சின் நடுவில் அவர் ‘ஹாய், ஹாய்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாம் கதை கேட்கும்போது போடும் ‘ம்’ போன்றது அது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உறுதிப்படுத்தும் கேள்விக்குப் பதிலாக, நீங்கள் பேசி நிறுத்திய பிறகு வரும் ‘ஹாய்’ மட்டுமே சம்மதம்.

அன்று மாலையே மின்னஞ்சலில் எண்ணும் தேதியுமாக எழுதி அனுப்பிவிடுங்கள். ‘1,200 ஜோடி ஜனவரி 20, அதில் 25.5, 26 அளவுகள் முழுதும். 600 ஜோடி பிப்ரவரி 3.’ பேச்சில் மறுக்கக் கூச்சப்படுபவர்கூட, எழுத்தில் தவறான எண்ணைப் பார்த்தால் திருத்தாமல் விடமாட்டார்.

நம் பக்கத்திலிருந்து போகும் பேச்சில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். நாம் வாய்தவறிச் சொல்லும் ‘பண்ணிடலாம் சார்’, ‘பிரச்சினை இல்ல’ இரண்டும் அவர்களுக்கு வாக்குறுதியாகவே போய்ச் சேரும். நம் ஆள் சொல்ல நினைத்தது ‘முயற்சி பண்றோம்’ என்றால், மொழிபெயர்ப்பாளர் அதைத் தெளிவுபடுத்திக்கொண்டே பெயர்க்க வேண்டும். “சார், தேதி உறுதியா, இல்லை முயற்சியான்னு கேட்பாங்க. எப்படிச் சொல்லட்டும்?” என்று முதலாளியிடம் தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டேனரிக்காரர் “நாளைக்கு வந்துடும் பாய்” என்று சொன்னதை நம்பி, ஜப்பானிய மொழியில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால், அந்தத் தேதி அன்றே தோக்கியோவில் ஓர் அட்டவணையில் ஏறிவிடும்.